மேடத்துக்குப் போன மூன்று போன்கள்

ஷம்னாவுக்குப் பொறுமை என்பது அடுப்பில் பால் வைத்திருக்கும்போது மட்டும்தான் வரும். கம்பத்தில் பிறந்து போடிக்கு வாழ்க்கைப்பட்டவள். மாமனார் ராஜா முகம்மது விட்டுப்போன பழைய குடோனில் ஏலக்காய் பொறுக்கும் வேலையை எடுத்து நடத்துகிறாள். வியாபாரி மூட்டையை இறக்கிவிட்டுப் போவார். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து காம்பு கிள்ளி, வெடித்த காயை ஒதுக்கி, சல்லடையில் சலித்துப் பெரிசும் சிறிசுமாகப் பிரித்துக் கொடுப்பார்கள். அந்த நேரம் குடோனில் ஓடும் ஊர்ப்பேச்சுக்குத் தனியாகக் கூலி கிடையாது.

இப்போது பேச்சு மட்டும்தான் ஓடியது, மூட்டை வரவில்லை. இத்தனை வருஷமாகச் சரக்குக் கொடுத்துவந்த வியாபாரி கடையை மூடிவிட்டு மகனோடு சென்னைக்குப் போய்விட்டார். பொறுக்கும் பெண்களில் மூத்தவளான கருத்தம்மா, "இன்னும் ஒரு வாரம் பாப்பேன் ஆத்தா. அப்புறம் மலைத் தோட்ட வேலைக்குப் போற ஜீப்புல ஏறிருவேன்" என்று சொல்லிவிட்டாள். கருத்தம்மா ஏறினால் மற்றவர்களும் பின்னாலேயே ஏறுவார்கள். அப்புறம் குடோனில் பூனைதான் குட்டி போடும்.

போடி ஏலக்காய் ஏலத்தில் நிறைய சரக்கு எடுப்பது மதுரையிலிருக்கும் ஒரு ஏற்றுமதிக் கம்பெனி. அதன் ஆட்களிடம் ஷம்னா இரண்டு முறை போய் நின்றாள். இரண்டு முறையும் சிரித்த முகமாகவே, மேடம்தான் முடிவு செய்யணும் என்று அனுப்பிவிட்டார்கள். மேடம் என்றால் அனுசியா. கொள்முதல் முழுக்க அந்த அம்மாள் கையில். ஏல நாளில் வருவார், ஏலம் முடிந்ததும் காரில் ஏறிவிடுவார். முன்பின் தெரியாதவர்கள் குறுக்கே போய் நின்றால், ஆபீசில் பேசுங்கள் என்பதோடு சரி.

அனுசியாவையும் தெரிந்து, ஷம்னாவையும் தெரிந்த ஒரே ஆள் கலீபுல்லா. ஏல மையத்தில் விவசாயிகள் சார்பாகச் சரக்கு வைப்பவர். ராஜா முகம்மதுவின் கூட்டாளி. ஷம்னா அவரை மாமு என்பாள். விஷயத்தைக் கேட்டதும் அவர் உடனே போனை எடுக்கவில்லை.

"மொதல்ல அந்தம்மாகிட்ட, இப்படி ஒரு ஆளு பாக்கணும்ங்குது, பாக்குறீங்களான்னு கேக்குறேன். சரின்னா சேத்து விடுறேன். நீ யாரு, என்ன செய்வே, எதுக்குப் பாக்கணும்னு நாலு வரி எனக்கு அனுப்பு. அத அப்படியே அனுப்பிர்றேன்."

ஷம்னா அனுப்பியது நாலு வரி அல்ல. மாமனார் குடோன் கட்டிய கதையில் தொடங்கி கருத்தம்மாவின் மூட்டு வலி வரைக்கும் இருந்தது. இதை அனுப்பினால் அந்தம்மா தன்னையே பிளாக் பண்ணிவிடும் என்றார் கலீபுல்லா. வெட்டிச் சுருக்கினார்கள். போடியில் பொறுக்கும் குடோன் வைத்திருக்கிறேன், பழகிய கைகள் இருக்கின்றன, சோதனைக்கு ஒரு லோடு கேட்டுப் பார்க்க வேண்டும், ஏல நாளில் பத்து நிமிஷம் போதும். அவ்வளவுதான். அனுசியா, பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்று பதில் போட்டார்.

பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று ஷம்னா இரண்டு நாள் ஆராய்ந்தாள். மூன்றாம் நாள் தாங்கவில்லை. நம் ஊரில் பள்ளிக்கூடத்து சீட்டு ஆகட்டும், பெண் கேட்பது ஆகட்டும், ஒருத்தர் சொன்னால் சொல்லாகவே கணக்கில்லை. நாலு பேர் சொல்ல வேண்டும். ஷம்னா மட்டும் வேறு ஊரிலா இருக்கிறாள்?

ராசிங்காபுரம் திருப்பதி அனுசியாவுக்குத் தூரத்து உறவு என்று காதில் விழ, அவரைப் பிடித்தாள். மேடத்தை மலைத் தோட்டங்களுக்குக் கூட்டிப்போகும் ஜீப் டிரைவர் பால்ராஜிடம் ஒரு வார்த்தை போட்டாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் கடை வைத்திருக்கும் அவள் புருஷன் மன்சூர், தன் பங்குக்கு பால்ராஜிடம் நம்பர் வாங்கித் தானே கூப்பிட்டுவிட்டான்.

மூன்று பேரும் நல்ல மனசுக்காரர்கள். நல்ல மனசுக்காரர்கள் கையில் போன் கிடைத்தால் என்ன ஆகும் என்பதுதான் நமக்குத் தெரியுமே. திருப்பதி, அந்தப் பிள்ளை நமக்குச் சொந்தம் மாதிரி என்றார். பால்ராஜ், அங்கே அறுபது பேர் வேலை பார்ப்பதாக அளந்துவிட்டான். மன்சூர், புது மெஷினே வாங்கப் போகிறோம் என்றான். எல்லாம் ஒரே காலையில், ஏலம் சூடாக நடந்துகொண்டிருந்தபோது.

மத்தியானம் கலீபுல்லா குடோனுக்கே வந்தார். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. இத்தனை பேர் சிபாரிசுக்கு வந்தால் சரக்கில் ஏதோ கோளாறு என்றுதானே அர்த்தம், இந்தப் பெண்ணை உங்களுக்கு உண்மையிலேயே தெரியுமா என்று அனுசியா கேட்டதைச் சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால் ஷம்னா தாங்கியிருப்பாள்.

"இருவது வருசத்துல நான் அந்தம்மாகிட்ட யாருக்காகவும் சொன்னதில்ல. ஒனக்காகத்தான் மொத மொதல்ல சொன்னேன். என் ஒரு சொல்லு பத்தாதுன்னு நெனச்சிட்டியேம்மா."

அவர் போன பிறகு ஷம்னா சல்லடைகளுக்கு நடுவே உட்கார்ந்து அழுதாள். லோடு கைவிட்டுப் போனதைவிட இதுதான் அவளை அறுத்தது. கருத்தம்மா தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

சாயங்காலம் மாமு வீட்டு வாசலில் போய் நின்றாள். அவசரப்பட்டது என் புத்திதான், மன்னித்துவிடுங்கள் என்றாள். யாருடைய திருத்தமும் இல்லாமல் அவளே எழுதிய நாலு வரியைக் காட்டினாள். போன் செய்தவர்களை ஏவியது நான்தான், கலீபுல்லா மாமுவுக்கு அது தெரியாது. அறுபது பேர் இல்லை, பதினாலு பேர். மெஷின் இல்லை. பார்க்க விருப்பமில்லை என்றால் இனிமேல் தொந்தரவு செய்ய மாட்டேன். கலீபுல்லா இரண்டு தரம் படித்தார். ஒரு எழுத்தும் மாற்றாமல் அனுப்பிவைத்தார்.

அடுத்த ஏல நாளில், டீ இடைவேளைக்கு வரச்சொல்லி பதில் வந்தது.

மாதிரித் தட்டுகள் வரிசையாக வைத்திருந்த ஹாலுக்கு வெளியே, கலீபுல்லா இருவரையும் சேர்த்துவைத்தார். இவங்கதான் ஷம்னா என்று பெயரை மட்டும் சொல்லிவிட்டு, டீ வாங்கும் சாக்கில் நகர்ந்துகொண்டார். ஷம்னா, பொறுக்கிய காயைச் சின்ன கவர்களில் கொண்டுபோயிருந்தாள். அனுசியா கையில் கொட்டிப் பார்த்தார். வாரத்துக்கு எவ்வளவு முடியும் என்று கேட்டார். முடிகிறதைச் சொன்னாள். ஒரு பெரிய லோடைச் சொல்லி அதை ஒரே வாரத்தில் தரமுடியுமா என்று கேட்டதற்கு, முடியாது என்றும் சொன்னாள்.

"சரக்கு குடுத்தப்புறம் நான் ஒரு பதில் சொல்ல ரெண்டு நாளாச்சுன்னா, மறுபடி நாலு பேர விட்டு பேசச் சொல்லுவீங்களா?"

"மாட்டேன் மேடம். நேரா உங்களத்தான் கேப்பேன். அதுவும் ஒரு தடவதான்."

அனுசியாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சின்ன லோடு ஒன்று அனுப்புகிறேன், பார்த்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். மறுபடியும் அதே பார்த்துவிட்டுச் சொல்கிறேன்தான். இந்த முறை ஷம்னா ஆராய்ச்சி எதுவும் செய்யவில்லை.

மூட்டைகள் வந்து இறங்கியபோது கருத்தம்மா ஜீப்பை மறந்து சல்லடையை எடுத்தாள். பஜாரில் வேறு கதை ஓடியது. தன் ஒரு போனில்தான் காரியம் முடிந்தது என்று திருப்பதி சொல்ல, பால்ராஜும் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான். மன்சூர் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் சொன்னான். ஷம்னா யாரையும் மறுக்கவில்லை. ஆளுக்கொரு டப்பா தேங்காய்ப்பால் மஸ்கோத் அல்வா கட்டி, வேலைக்கு வருகிற பெண்களிடம் கொடுத்தனுப்பினாள்.

கலீபுல்லா அவள் நீட்டிய டப்பாவை வாங்கிக்கொண்டு, போன் பண்ணுனவங்களுக்கும் உண்டுதானே என்று குத்தலாகக் கேட்டார்.

"எல்லாருக்கும் உண்டு மாமு. ஒங்களுக்கு மட்டுந்தான் நானே கொண்டாந்தேன்."

அவர் டப்பாவைத் திறந்து, முதல் துண்டை அவள் கையில் வைத்தார்.