வாரிசு என்று காட்டும் ஆவணம்

விதி பன்னிரண்டு, உட்பிரிவு நான்கு: நெருங்கிய உறவினர் இறந்தால், மாணவர் தன் கூற்றின் பேரிலேயே பதினான்கு நாள் நீட்டிப்புக் கோரலாம். சான்று தேவையில்லை. கடைசித் தேதிக்கு முன் விண்ணப்பித்தால் போதும், கணினி உடனே அனுமதிக்கும்.

இந்த விதியை நான் கண்ணாரப் படித்தேன். முப்பத்தாறு வருடம் வருவாய்த் துறையில் இருந்து, துணை வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். படித்துவிட்டு நம்பவில்லை.

என் தம்பி நாமக்கல்லில் லாரி புக்கிங் ஆபீஸ் வைத்திருந்தான். ஆகஸ்ட் இருபத்து நான்காம் தேதி, திங்கட்கிழமை காலை, ஊரில் வீட்டிலேயே மாரடைப்பில் போய்விட்டான். ஒரே மகள். வட இங்கிலாந்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் முதுகலை. புதன்கிழமை காலை அவள் வந்து சேரும்வரை அவனை ஃப்ரீசர் பெட்டியில் வைத்திருந்தோம். அவளுடைய ஆய்வேட்டுக்குக் கடைசித் தேதி செப்டம்பர் நான்கு, அவர்கள் ஊர் நண்பகல். தாமதமானால் பூஜ்யம். பூஜ்யம் என்றால் பட்டமும் கிடையாது. அந்தப் பட்டத்துக்காகத்தான் தம்பி இரண்டு வருடம் எல்லோரிடமும் பீற்றிக்கொண்டிருந்தான்.

தகனம் முடிந்த மறுநாள் அவள் மடிக்கணினியைத் திறந்தாள்.

"பெரியப்பா, ரெண்டு வரி எழுதி அனுப்புனா முடிஞ்சுதுங்க."

"இணைப்பு இல்லாத மனுவா? நானே எத்தனையைத் திருப்பி அனுப்பியிருக்கேன் சாமி. பொறு. முறைப்படி செய்வோம்."

அவள் பொறுத்தாள். அப்பன் போன மூன்றாம் நாள் யாரிடம் சண்டை போடுவாள்?

வீட்டில் நிகழ்ந்த மரணத்தைக் கிராமத்தில் பதிவு செய்பவர் கிராம நிர்வாக அலுவலர். அவர் ஒரு காலத்தில் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். அதனால் தேநீர் மட்டும் உடனே கிடைத்தது.

"சர்வர் படுத்துக்கிச்சுங்கய்யா. எந்திரிச்சதும் மொத வேலை உங்களுதுதாங்க."

சர்வர் செப்டம்பர் ஒன்றாம் தேதி எழுந்தது. மரணச் சான்றிதழோடு மருத்துவரின் குறிப்பு, குடும்ப அட்டை, ஆதார், சுடுகாட்டு ரசீது எல்லாவற்றையும் நகலெடுத்து, பச்சை மையில் ஒரு அதிகாரியின் சான்றொப்பம் வாங்கி, இருபத்தாறு பக்கம் சேர்த்தேன். மூன்றாம் தேதி மத்தியானம் அவள் ஏற்றினாள். ஏற்றுவதற்கு, "சான்று இணைக்கப்பட்டுள்ளது" என்ற கட்டத்தில் டிக் அடிக்க வேண்டியிருந்தது.

அங்கேதான் கெட்டது. டிக் அடிக்காத விண்ணப்பம் கணினிக்குப் போகும். உடனே அனுமதி வரும். டிக் அடித்த விண்ணப்பம் குழுவுக்குப் போகும். குழு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கூடும். முறைப்படி செய்ததால் நாங்கள் குழுவுக்குப் போய்விட்டோம். திரும்பப் பெற்று மறுபடி டிக் இல்லாமல் போடலாமா என்று கேட்டாள். ஒரே நிகழ்வுக்கு இரண்டு விண்ணப்பம் கூடாதாம். விதி பதினைந்து.

"அப்ப இருக்கறதை நாளைக்குள்ள கொடுத்துடட்டுங்களா? மூணுல ரெண்டு பங்கு முடிஞ்சுது."

அதற்கும் ஒரு விதி இருந்தது. ஏட்டைக் கொடுத்தால், தான் நல்ல நிலையில் இருப்பதாக மாணவரே அறிவித்ததாகப் பொருள். நீட்டிப்புக் கோரிக்கை தானாக ரத்து. ஆனால் முடிவு வரும்வரை பழைய தேதியை மனதில் வைத்தே வேலை செய்யுமாறு அதே பக்கத்தில் அறிவுரையும் இருந்தது. இந்த விதிகளை எழுதியவரை நான் பார்த்ததில்லை. ஆனால் அவரோடு ஒரே அலுவலகத்தில் உட்கார்ந்திருந்த மாதிரி இருந்தது.

செப்டம்பர் நான்கு கடந்தது. அவள் கொடுக்கவில்லை.

எட்டாம் தேதி கடிதம் வந்தது. ஆழ்ந்த அனுதாபம். மரணச் சான்றிதழில் இறந்தவரின் தாய், தந்தை, மனைவி பெயர் உள்ளது. விண்ணப்பதாரர் பெயர் இல்லை. அவர் மகள் என்பதற்கு ஐந்து வேலை நாளுக்குள் ஆவணம் தேவை, ஆங்கில மொழிபெயர்ப்புடன்.

"வாரிசுச் சான்று," என்றேன் உடனே. இ-சேவை மையத்தில் பதிந்து, கிராம நிர்வாக அலுவலர் விசாரித்து, வருவாய் ஆய்வாளர் பரிந்துரைத்து, வட்டாட்சியர் கையெழுத்திட்டு வரவேண்டியது. எவ்வளவு நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும். அதனால் சொல்லவில்லை.

தம்பி மனைவி உள்ளே இருந்து குரல் கொடுத்தாள். "ஏனுங் மாமா, பைபாஸ் முக்குல வெச்சிருக்கற பேனர்ல எல்லாருப் பேரும் போட்டுருக்குதுங்களே?"

லாரிக்கார நண்பர்கள் வைத்த கண்ணீர் அஞ்சலி ஃப்ளெக்ஸ். கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு புது லாரிக்கு மாலை போடுகிற தம்பி. கீழே "இவரது பிரிவால் வாடும்" என்று மனைவி, மகள், அண்ணன், சம்பந்தமில்லாத நாற்பது பேர். அரசு முத்திரை இல்லாத அந்தப் பொருளை ஆவணம் என்று சொல்ல எனக்கு நா கூசியது. ஆனால் பல்கலைக்கழகத்தின் பட்டியலில் "இரங்கல் அறிவிப்பு" என்ற இனம் இருந்தது. போய்ப் படமெடுத்தோம். நாற்பது பேரையும் நான் மொழிபெயர்த்தேன். கடவுச்சீட்டின் கடைசிப் பக்கத்தில் தந்தை பெயர் அச்சிட்டிருப்பது எனக்கு நினைவு வந்தபோது பேனர் இங்கிலாந்து சேர்ந்திருந்தது.

பதினொன்றாம் தேதி மறுபடி கடிதம். ஆழ்ந்த அனுதாபம். இணைத்த அறிவிப்பில் மகள் லண்டனில் இருப்பதாக உள்ளது. எங்கள் பதிவேட்டின்படி விண்ணப்பதாரர் லண்டனில் வசிக்கவில்லை. இறந்தவருக்கு வேறு மகள் உண்டா?

அவள் முதல்முறையாகச் சிரித்தாள். அப்புறம் அழுதாள்.

எங்கள் பக்கத்தில் இங்கிலாந்து முழுவதும் லண்டன்தான். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரும் அவளிடம், "லண்டன்ல குளிருங்களா சாமி?" என்றுதான் ஆரம்பித்தார்கள். இதை ஆங்கிலத்தில் அலுவல் நடையில் எழுத எனக்கு ஒரு முழு நாள் ஆயிற்று. "மேற்படி வட்டாரத்தில் அந்நாடு முழுமையும் அதன் தலைநகரின் பெயரால் வழங்கப்படுகிறது" என்று எழுதி, ஒரே மகள் என்று உறுதியளித்து, கடவுச்சீட்டின் அந்தப் பக்கத்தையும் சேர்த்தேன். அனுப்பும்முன் அவள் படித்தாள்.

"இதை முதல்லயே எங்கிட்ட உட்டிருந்தா முடிஞ்சிருக்குமுங்க பெரியப்பா."

"ஆமாம் சாமி," என்றேன். சேவைக் காலம் முழுவதும் எந்த மனுதாரரிடமும் சொல்லாத வார்த்தை.

அதற்குப் பிறகு அவள் என்னை எதுவும் கேட்கவில்லை. சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு நடுவே கிடைத்த நேரத்தில் எழுதிக்கொண்டிருந்தாள். முடிவுரை மட்டும் நகரவில்லை. நீட்டிப்பு உண்டா என்றே தெரியாத ஏட்டுக்கு முடிவுரை எழுதக் கை வராது என்றாள்.

கடைசியில் பதில் வந்தது, மதியம் ஒன்று நாற்பதுக்கு. கோரிக்கை ஏற்கப்பட்டது. பதினான்கு நாள் நீட்டிப்பு, பழைய கடைசித் தேதியிலிருந்து கணக்கிடப்படும். புதிய கடைசி நேரம் இன்று, அவர்கள் ஊர் நண்பகல். நமக்கு மாலை நாலரை.

"கதவைச் சாத்துங்க பெரியப்பா. யாரு வந்தாலும் உள்ள உடாதீங்க."

வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். திருச்செங்கோட்டிலிருந்து வேனில் வந்த உறவினர் பதினொரு பேரை வாசலிலேயே நிறுத்தினேன். "ஏனுங், இதென்னங்க அநியாயம், எழவு ஊட்டுல பர்மிஷனா?" என்றார் ஒருவர். அலுவலக நேரம் என்றேன். நாலு பதினெட்டுக்கு அவள் கதவைத் திறந்து, ஏடு போய்ச் சேர்ந்துவிட்டது என்று தலையாட்டினாள்.

வந்தவர்களை உள்ளே அனுப்பிவிட்டு, கோப்பை எடுத்து, பதில் பெறப்பட்ட தேதி என்ற இடத்தில் எழுதினேன்: செப்டம்பர் பதினெட்டு.