மாமனார் சுட்டதற்கு எனக்குத் தடை

என் கணவர் கட்டாருக்குப் போனபோது வீட்டில் விட்டுப்போனவை இரண்டு. ஒரு கம்ப்யூட்டர், அவருடைய அப்பா. இரண்டில் கம்ப்யூட்டர்தான் சொன்ன பேச்சைக் கேட்கும்.

ருவான்வெல்லை பசாரில் கடையை மூடி, தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்ததும் துப்பாக்கிச் சண்டை விளையாட்டைத் திறப்பேன். அங்கே அவரும் லேப்டாப்பில் திறப்பார். போனில் என்றால் ‘சாப்பிட்டியா’வோடு பேச்சு தீர்ந்துவிடும். ஒரே அணியில் நின்று சுடும்போதுதான் பழையபடி சண்டை பிடிப்போம், சிரிப்போம். நாங்கள் குடும்பம் நடத்தியது அதில்தான்.

பகலில் மாமா ஆடுவார். அவருக்குத் தனிக் கணக்கு. விளையாட்டு நான் காசு கொடுத்து வாங்கியது, குடும்பப் பகிர்வில் அவருக்கு இரவல். எப்போதும் முதலில் சாகிறவர் திடீரென்று தோற்பதையே நிறுத்திவிட்டார். லயம் முழுக்கப் பெருமை பேசினார்.

ஒரு ஞாயிறு திறந்தால், ஏமாற்றியதற்காக நிரந்தரத் தடை. அவருக்கும், எனக்கும். சுவருக்குப் பின்னால் நிற்பவனைக் காட்டும் களவு மென்பொருளை எங்கிருந்தோ இறக்கியிருந்தார். இரவல் வாங்கியவர் ஏமாற்றினால் சொந்தக்காரருக்கும் அந்த விளையாட்டில் தடை. அதுதான் விதி.

“பன்றி வேட்டைக்குப் போறவன் டோர்ச் கொண்டு போறதில்லையா புள்ள?” என்றார் மாமா.

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. மேல்முறையீட்டை நானே எழுதுகிறேன் என்று சொல்லியும் கேட்காமல், தோட்டத்துத் துரைக்கு எழுதுகிற மாதிரி ஒரு மனு எழுதினார். ‘கண் மங்கிய கிழவன், ஆகவே அந்தக் கருவியைப் பாவித்தேன், கருணை காட்டவும்’ என்று முடித்து, கோயில் கமிட்டி முத்திரையும் குத்திப் படம் பிடித்து அனுப்பிவிட்டார். குற்றத்தை ஒப்புக்கொண்டதற்கு ஒரு முத்திரை!

பதில் வந்தது. தவறாகப் பிடிபட்டிருந்தால் மட்டுமே தடை நீங்கும், இரக்கத்துக்கு இடமில்லை. காசும் திரும்பாது. அந்த விளையாட்டைக் கம்ப்யூட்டரோடு தனியாக ஆடலாம், இணையத்தில் மற்றவர்களோடு ஆட முடியாது. நான் வாங்கிய மற்ற விளையாட்டுகளுக்கு ஒன்றும் ஆகாது.

“அப்ப பாதி ஜெயிச்சிட்டோம்!” என்றார் மாமா.

மனுவே போடாமல் இருந்திருந்தாலும் அந்தப் பாதி எங்களிடம்தான் இருந்திருக்கும். சொல்லிப் பயனில்லை. பகிர்வை மட்டும் நிறுத்தினேன்.

மிஞ்சியதில் இருவர் சேர்ந்து ஆடக்கூடியது ஒன்றே ஒன்று. மலிவு விற்பனையில் நாங்கள் இருவருமே வாங்கி, திறந்தே பார்க்காத விவசாய விளையாட்டு. அதைத் திறந்தோம்.

“தோட்டவேல வேணாம்னுதானே இங்க வந்தேன். இங்கயும் களை புடுங்க வச்சிட்டியே!” என்று கத்தினார் என் கணவர். எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

பின்னால் நின்ற மாமாவுக்குக் கை துருதுருத்தது. “கன்னு வரிசை கோணலா இருக்கு. தள்ளு புள்ள.”

“வாயால சொல்லுங்க மாமா. மௌஸைத் தொடாதீங்க.”

நாங்கள் பேசியது மைக் வழியாக அந்தப் பக்கம் கேட்டிருக்கிறது. அப்பாவும் மகனும் போனில் நாலு வார்த்தைக்கு மேல் பேசிக்கொண்டதே கிடையாது.

“அப்பா,” என்றார் என் கணவர், “எந்த வரிசை கோணல்?”

மைக்கை மாமாவின் பக்கம் திருப்பி வைத்தேன். அன்றைக்கு எனக்குப் பேச முறையே கிடைக்கவில்லை.