அளவுகோலுக்கு அடியில் இருந்தவர்கள்

நீளமான வாக்கியம் எதுவானாலும் அதைச் சரிபார்க்க எனக்கு ஒரு மர அளவுகோல் போதும். எழுபதுகளின் தொடக்கத்தில், விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் தொழிற்கூடத்தின் அலுவலகத்தில் நான் தமிழ்த் தட்டச்சராக இருந்தேன். கையால் எழுதிவரும் காகிதங்களை எல்லாம் அச்சடித்துச் சுத்தப் பிரதி ஆக்குவது என் வேலை. அச்சடிப்பதற்கு முன் திருத்துவது யாரும் கொடுக்காத வேலை. நானாக எடுத்துக்கொண்டது.

எழுதுபவர் எங்கள் ரைட்டர். நல்ல மனிதர், முத்துமுத்தான கையெழுத்து. ஆனால் வாக்கியத்தை ஆரம்பித்தால் அதை எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரியாது. "குமாஸ்தா, கடலூரிலிருந்து வந்த மூன்று வியாபாரிகளை உள்ளே அழைத்துப்போய், ஜாடிகளைக் காட்டினார்கள்" என்று எழுதிவிடுவார். நான் நடுவில் இருப்பதன் மேல் அளவுகோலை வைத்து மறைப்பேன். முதலில் குமாஸ்தா நிற்பார், கடைசியில் 'காட்டினார்கள்' நிற்கும். ஒரே ஒரு குமாஸ்தா எப்படிக் 'காட்டினார்கள்' ஆவார்? பக்கத்தில் மூன்று வியாபாரிகள் வந்துவிட்டதால் ரைட்டரின் பேனா அந்தப் பக்கம் சாய்ந்துவிட்டது. அடித்துவிட்டு 'காட்டினார்' என்று போடுவேன். "ஏம்மா, கண்ணுல விளக்கெண்ணெய ஊத்திக்கிட்டுதான் ஒக்காந்திருக்கியா?" என்பார் ரைட்டர். எனக்கு அது பாராட்டாகத்தான் கேட்கும். அந்த வயதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சநஞ்சம் இல்லை.

அந்த வருஷம் கோடையில் ஒரு சூளைச் சரக்கு முழுவதும் வீணாகிப்போனது. ஜாடிகளை அடுக்கி, வாசலைச் செங்கல் வைத்து மூடி, சுட்டு முடித்த பிறகு சூளை தானாக ஆற வேண்டும். அதற்கு நாள் கணக்கில் பொறுக்க வேண்டும். அவசரப்பட்டு வாசலைப் பிரித்தால் வெளிக்காற்று பட்டுச் சூட்டோடு சூடாகச் சரக்கு விரிசல் விட்டுவிடும். அன்று யாரோ அப்படிப் பிரித்துவிட்டார்கள். யார் என்று கண்டுபிடிக்க மானேஜர் விசாரணை வைத்தார்.

காலை முறைக்கு முதலில் வந்தவர் சரக்கு இறக்கும் தொழிலாளி ஒருவர். கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து தினமும் சைக்கிளில் வருபவர். நாற்பது வயதிருக்கும். எழுதப் படிக்கத் தெரியாது. அவர் சொல்லச் சொல்ல ரைட்டர் எழுதிக்கொண்டார். நான் அந்த அறையில் இல்லை. பிற்பகலில் காகிதம் என் மேஜைக்கு வந்தது.

அதில் இருந்த வாக்கியம் இன்றும் எனக்கு மனப்பாடம். "நான், காலை ஏழு மணிக்கு வேலைக்கு வந்து, இரவு முறை மேஸ்திரியும் அவருடன் மற்ற இருவரும் சூளையருகில் நிற்கக் கண்டு, சூடு ஆறும் முன்பே வாசல் செங்கலைப் பிரித்தார்கள்."

அளவுகோலை வைத்தேன். 'நான்' இந்தப் பக்கம். 'பிரித்தார்கள்' அந்தப் பக்கம். வந்து, கண்டு என்று எல்லா வினையும் 'நான்' செய்ததாகவே வருகிறது. முடிகிற வினையும் அதற்குத்தானே ஒத்துப்போக வேண்டும்? மேஸ்திரியும் இருவரும் குறுக்கே வந்ததும் ரைட்டர் வழக்கம்போலத் தடுமாறிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். வாய்க்குள் சிரித்ததுகூட ஞாபகம் இருக்கிறது. 'பிரித்தேன்' என்று அடித்தேன்.

வாக்கியம் சரியாகிவிட்டது. ஒத்துப்போகாத இரண்டு நுனிகளில் எந்த நுனி தவறு என்று ஒரு கணம்கூட நான் யோசிக்கவில்லை. 'பிரித்ததைப் பார்த்தேன்' என்று அந்த மனிதர் சொல்லியிருக்கலாம் அல்லவா? ரைட்டரைக் கேட்டிருந்தால் ஒரு நிமிஷத்தில் தெரிந்திருக்கும். அவரிடம் போய்ச் சந்தேகம் கேட்பதா என்ற கர்வம்.

வாக்குமூலத்தின் கடைசி வரியை எப்போதும் நானே சேர்த்து அடித்துவிடுவேன். "படித்துக் காட்டக் கேட்டு, சரியென ஒப்புக்கொண்டேன்." படித்துக் காட்டுவது ரைட்டர் வேலை. அன்று அவர் சாப்பிடப் போயிருந்தார். தொழிலாளியை என் மேஜைக்கே அனுப்பினார்கள். மைப் பெட்டியைத் திறந்து வைத்தேன்.

"என்னம்மா எழுதியிருக்குது?" என்று கேட்டார்.

"நீங்க சொன்னதுதான்."

அவர் கட்டை விரலை மையில் ஒற்றி, நான் காட்டிய இடத்தில் வைத்தார். பிறகு விரலை லுங்கியில் துடைத்துக்கொண்டு போனார்.

நான்கு நாள் கழித்து அவருடைய வேலைநீக்க உத்தரவு அடிக்க என்னிடமே வந்தது. "வாசல் செங்கலைப் பிரித்தேன் எனத் தாமே ஒப்புக்கொண்டுள்ளதால்" என்று மானேஜர் எழுதியிருந்தார். பாதியிலேயே என் கை நின்றுவிட்டது. அலமாரியைத் திறந்து ரைட்டரின் மூலப் பிரதியை எடுத்தேன். 'பிரித்தார்கள்' என்ற சொல்லைத் தடவித் தடவிப் பார்த்தேன். ரைட்டரிடம் ஓடிப்போய்க் கேட்டேன். "மேஸ்திரியும் அவங்களும் பிரிச்சாங்க, நான் பார்த்தேன்னுதாம்மா சொன்னான். நான்தான் எழுத்துல கோணலா எழுதிட்டேன் போல இருக்குது" என்றார்.

மானேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் இரண்டு காகிதத்தையும் பார்த்தார். அவருக்கு விஷயம் புரிந்தது. ஆனால் அந்த மேஸ்திரியை விட்டால் சூளைக்கு வேறு ஆள் இல்லை என்பதும் அவருக்குத் தெரியும்.

"எழுதிக் குடும்மா, பார்க்கிறேன்" என்றார்.

எழுதினேன். "வாக்குமூலத்தைப் பிரதி எடுக்கையில், வாக்கிய நீளத்தின் காரணமாக, வினைமுற்றில் மாற்றம் ஏற்பட்டுவிட்டது" என்று. அடித்த பிறகு வழக்கப்படி அளவுகோலை வைத்துப் பார்த்தேன். 'மாற்றம்', 'ஏற்பட்டுவிட்டது'. ஒத்துப்போனது. ஒரு குற்றமும் இல்லை.

மானேஜர் படித்துவிட்டு, "யாரு மாத்துனாங்கன்னு இதுல இல்லையே?" என்றார்.

கடிதத்தைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

"தானா ஏற்பட்டிருந்தா அது டைப்பு தப்பு. அதுக்காக உத்தரவ மாத்த முடியாது. நான்தான் மாத்துனேன், படிச்சுக் காட்டாமலே கைநாட்டு வாங்கினேன்னு எழுதிக் குடு, மாத்துறேன். அப்புறம் உன்ன இங்க வச்சிருக்க முடியாது. யோசிச்சுக்க."

அப்பா படுத்த படுக்கையாக இருந்தார். தம்பிகள் படித்துக்கொண்டிருந்தார்கள். இதையெல்லாம் இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எல்லாம் உண்மைதான். அந்த மனிதருக்கும் வீட்டில் ஆட்கள் இருந்தார்கள் என்பதும் உண்மைதான். ரைட்டர் மட்டும், "ஆனைக்கும் அடி சறுக்கும், விடும்மா" என்றார். சறுக்கியது நான், விழுந்தது அவர். நான் வேறு கடிதம் எழுதவில்லை. பாதியில் நின்ற உத்தரவை அடித்து முடித்தேன்.

மூன்றாம் நாள் அந்தத் தொழிலாளி, கொட்டகையில் விட்டுவைத்த சாப்பாட்டுத் தூக்கையும் சட்டையையும் எடுத்துப்போக வந்தார். போகிற வழியில் என் ஜன்னலருகே நின்றார். கோபம் இல்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"அம்மா, ஒண்ணு கேக்கணும். நான் சொன்னத நீங்கதான டைப் அடிச்சீங்க? வூட்ல அவ கேட்டுக்கிட்டே இருக்கா, செய்யாதத எதுக்கு ஒத்துக்கிட்டேன்னு. நான் அப்படிச் சொன்ன ஞாபகமே இல்ல. மானேஜரு எதிர்ல நிக்கவச்சதுல எனக்குப் படபடப்பா இருந்துது. பயத்துல வாய் குழறி நானே மாத்திச் சொல்லிட்டேனா?"

அளவுகோல் மேஜை மேல் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"இருக்கலாங்க."

அவர் தலையை ஆட்டினார். அவருக்கு ஏதோ தெளிந்ததுபோல் இருந்தது.

"அப்ப என் மேலதாம்மா தப்பு. அவகிட்ட சொல்லிடுறேன். போயிட்டு வரேன்."