சிமென்ட் வராத வாரம்

செந்தமிழ்ச்செல்வி யாரையும் லேசில் நம்பமாட்டாள். ரிஷிவந்தியத்தில் பஸ் ஏறி, பக்கத்தில் உட்கார்ந்தவள் "எந்த ஊரு?" என்று கேட்டால்கூட, ஊரைக் கேட்கிறாளா சாதியைக் கேட்கிறாளா என்று முகத்தை உற்றுப் பார்ப்பாள். அவளைச் சொல்லியும் குற்றமில்லை. இடஒதுக்கீடு கேட்டு ரோட்டில் மரத்தை வெட்டிப் போட்ட எண்பத்தேழுக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் எல்லோருக்குமே இந்தப் பார்வைதான்.

மறு வருஷம் கள்ளக்குறிச்சியில் ஒரு தொண்டு நிறுவனம் கல்வராயன் மலை வேலைகளுக்குத் திட்ட மேலாளர் தேடியது. அவள் வேலை பார்த்த கிராம நலச் சங்கமோ இழுத்து மூடும் நிலையில் இருந்தது. இது கிடைக்காவிட்டால் அப்பாவின் கரும்புக் கொல்லைதான் கதி. பயோடேட்டாவைப் பக்கத்தில் நின்று டைப் அடிக்க வைத்தாள். அதுவரை அவள் நடத்திய வேலைகள் மூன்று: குடிநீர்க் கிணறுகள், மரக்கன்றுப் பண்ணை, மலையில் ஒரு தடுப்பணை. ஒவ்வொன்றுக்கும் என்ன வேலை, அனுமதித்த தொகை, ஆன செலவு, முடிய வேண்டிய தேதி, முடிந்த தேதி, யார் யாரை வைத்து வேலை வாங்கினாள் என்று எல்லாம் இருந்தது. கிணற்றில் பாறை வந்து செலவும் நாளும் கூடியதைக்கூட ஒளிக்கவில்லை. தடுப்பணைக்கு மட்டும், 'மழைக்கு முன், குறித்த தேதியில் முடிந்தது' என்பதோடு நிறுத்திக்கொண்டாள்.

இன்டர்வியூவில் நிறுவனத்தின் செயலாளர் ஆல்பர்ட் அந்த வரியில்தான் விரலை வைத்தார்.

"கெணறு லேட்டுன்னு ஒத்துக்கினீங்க. மறியல்ல ரோடே அடைஞ்சி கெடந்தப்போ இது மட்டும் எப்படிம்மா டைமுக்கு முடிஞ்சிது?"

அவளுக்குச் சுருக்கென்றது. நான் எந்தப் பக்கம் என்று ஆழம் பார்க்கிறார் மனுஷன்.

நடந்தது இதுதான். கொத்தனார் கொளஞ்சியப்பனும் அவர் ஆட்களும் மறியலுக்குப் போயே தீருவோம் என்றார்கள். பாதிப் பேர் அவளுக்குச் சொந்தம். தடுத்தால் முறைத்துக்கொண்டு திரும்பவே மாட்டார்கள் என்று அனுப்பி வைத்தாள். சிமென்ட் லாரியும் வரவில்லை. சிமென்ட் தேவைப்படாத மண்கரை வேலையையும் அதன்மேல் கல் பதிப்பதையும் கடைசிக்கு வைத்திருந்தாள். அவற்றை மலை ஜனங்களைக் கொண்டு முதலில் முடித்தாள். கொத்தனார்கள் திரும்பியபோது சுவர் மட்டுமே பாக்கி. ஆனால் மறியலுக்கு ஆள் அனுப்பினேன் என்று இந்த மனுஷரிடம் எப்படிச் சொல்வது?

"முன்னாடியே சிமென்ட் ஸ்டாக் வச்சிருந்தோம் சார். கொத்தனாருங்க மலையிலயே தங்கிக்கினு வேலை பாத்தாங்க. யாரும் கீழ எறங்கல."

ஆல்பர்ட் பேனாவை மூடினார்.

"போன வாரம் போயி அந்த அணையப் பாத்துட்டுத்தான் வந்தேன். கொத்தனாருங்க போனது, நீங்க வேலைய முன்ன பின்ன மாத்திக்கினது, எல்லாம் அங்க இருக்கறவங்க சொன்னாங்க. அத உங்க வாயால கேக்கணும்னு ஆசப்பட்டேன். அப்படிப்பட்ட ஆளுதான் எங்களுக்கு வேணும்னு நெனச்சேன்."

"சார், நீங்க வேற எதுக்கோ கேக்கறீங்கன்னு..."

"இப்ப மத்த ரெண்டு வேலையயும் நான் இன்னான்னு நம்பறதும்மா?"

தாளை மடித்து அவளிடமே நீட்டினார். அதில் இருந்ததெல்லாம் நிஜம், ஒரு வரிகூடப் பொய்யில்லை. அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொன்னாலும் அவர் நம்பமாட்டார் என்று அவளுக்கே தெரிந்தது.