ஒரு நாள் கம்மி

கொரோனாவுக்காக ஆபீஸை மூடியதால் எலவனாசூர்கோட்டை வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இட ஒதுக்கீடு போராட்டம் சூடுபிடித்திருந்த நேரம் அது. அந்த வாரம் புதன்கிழமை சாலை மறியல் என்று அறிவித்திருந்தார்கள்.

திங்கள் காலை சென்னையிலிருந்து மேனேஜர் மெசேஜ் போட்டார். நாங்கள் ஒரு சர்க்கரை ஆலைக்குச் செய்துகொடுத்த ஆப்பில், புதன்கிழமைக்குக் கரும்பு வெட்டு உத்தரவு காட்டுகிறதாம். மறியல் அன்று லாரி எப்படி வரும் என்று ஆலை அதிகாரி கத்தினாராம். 'ஒரு நாள் முன்னால காட்டுது, அவ்ளோதான். அரை மணி நேரம் போதும்ல?' என்று முடித்திருந்தார். அரை மணி நேரம் என்று சொல்கிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

திறந்து பார்த்தேன். ஆலை குமாஸ்தா வியாழன் என்றுதான் தேதி போடுகிறார். கம்ப்யூட்டர் அதை வியாழன் பிறக்கிற நள்ளிரவு என்று எடுத்துக்கொண்டு லண்டன் நேரத்துக்கு மாற்றுகிறது. அங்கே அப்போது புதன் மாலை. சர்வர், நேரத்தை வெட்டி எறிந்துவிட்டு, 'புதன்' என்பதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்கிறது. எனக்கு முன்னால் இருந்த புண்ணியவான் இதைக் கண்டுபிடித்திருக்கிறார். ஆனால் சரிசெய்யவில்லை. ஆலை கேட்டில் லாரிகளுக்கு அச்சாகும் டோக்கனில் மட்டும் ஒரு நாளைக் கூட்டிவிட்டு வேலையை விட்டுப் போய்விட்டார்.

அப்படியானால் விவசாயிகள் இத்தனை நாள் எப்படிச் சமாளித்தார்கள்? என் பெரியப்பாவுக்கும் இந்த வியாழன்தான் உத்தரவு. போன் போட்டேன்.

"அது ஆரம்பத்துலருந்தே ஒரு நாள் கம்மியாதான் காட்டும்மா. ஆலையிலருந்து வர்ற ஃபீல்டுமேன் டீக்கடையில எல்லாருக்கும் சொல்லிட்டாரு. ஆப்புல இன்னா போட்டுகீதோ அத்தோட ஒண்ணு கூட்டிக்கினா கரெக்ட்டு."

எனக்குச் சிரிப்புதான் வந்தது. மேனேஜருக்கு எழுதினேன்:

'சார், தப்பு ஒரே இடத்தில்தான். ஆனால் அதைச் சமாளிக்க எல்லாரும் ஒவ்வொரு பக்கம் ஒரு நாளைக் கூட்டி வைத்திருக்கிறார்கள். தேதி சேமிக்கிற இடத்தில் சரிசெய்தால், கேட் டோக்கன் ஒரு நாள் தள்ளிப்போகும், லாரியைத் திருப்பி அனுப்புவார்கள். திரையில் மட்டும் சரிசெய்தால், விவசாயிகள் பழக்கத்தில் இன்னொரு நாளைக் கூட்டி வெள்ளிக்கிழமை வெட்டுவார்கள். லாரி வியாழனே வந்து போய்விடும், அவர்கள் முறை போய்விடும். சேமிக்கும் இடம், டோக்கன், பழைய பதிவுகள் மூன்றையும் ஒன்றாக மாற்றி, ஃபீல்டுமேன்கள் மூலம் ஊர் ஊராகச் சொல்ல ஒரு வாரம் வேண்டும்.'

பதில் உடனே வந்தது. 'நல்ல விளக்கம்மா. ஒரு வாரம் எடுத்துக்கோ. இப்போதைக்கு இங்க இருக்கிற பையனை விட்டு திரையில மட்டும் ஒரு நாள் கூட்டியாச்சு.'

நான் எழுதியதில் எதைத்தான் படித்தார் இந்த மனிதர்! போனை எடுத்துக்கொண்டு பெரியப்பாவின் கரும்புக் கொல்லைக்கு ஓடினேன். அவர் வரப்பில் நின்று, வெட்டு ஆட்களின் மேஸ்திரியோடு போனில் பேசிக்கொண்டிருந்தார்.

"ஆமாம்பா, இப்ப வியாழன்னு மாத்திட்டானுங்கோ. நீ வெள்ளிக்கிழமைக்கு ஆளுங்கள இட்டாந்துடு."

"வெள்ளி இல்ல பெரியப்பா, வியாழன்தான்!"

"உனுக்கு இன்னா தெரியும்? ஆப்பு ஒரு நாள் கம்மியாதான் சொல்லும்."

"இப்ப சரியா சொல்லுது."

"அதெப்படி திடீர்னு சரியா சொல்லும்? அத்த செஞ்சவனே வந்து சொன்னாலும் நான் நம்ப மாட்டேன்."

"நான்தான் பெரியப்பா செஞ்சது!"

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீ செஞ்சதுன்னா சரியா இருக்கும்னு எப்டி நம்பறது? இந்த முறைய வுட்டா மறுமுறை எப்ப வருமோ. கரும்பு காஞ்சி எட கொறஞ்சிபூடும். வெள்ளிதான்."

அதற்குமேல் பேசிப் பயனில்லை. அவர் இன்னும் திட்டிக்கொண்டிருக்கும்போதே குரலைப் பதிவு செய்து, ஒரு வார்த்தையும் சேர்க்காமல் மேனேஜருக்கு அனுப்பினேன். 'இந்த மாதிரி எத்தனை பேர் இருப்பாங்க?' என்று கேட்டார். 'ஆப் வச்சிருக்கிற எல்லாரும்' என்று பதில் போட்டேன்.

பிறகு அவரிடமிருந்து வந்தது: 'பழையபடி தப்பாவே வச்சிடு. ஆலை அதிகாரிகிட்ட நான் பேசிக்கறேன்.'

வரப்பில் உட்கார்ந்து, சென்னையில் லேப்டாப்போடு இருந்த பையனுக்குப் போனில் சொல்லச் சொல்ல, அந்தப் பிழையைப் பத்திரமாகத் திரும்ப வைத்தோம். பிழை சரியாக வேலை செய்கிறதா என்று இரண்டு தடவை சோதித்தோம். என் வேலையில் இப்படி ஒரு சோதனை செய்வேன் என்று கனவிலும் நினைத்ததில்லை. ஆனாலும் பாரம் இறங்கியது போல நிம்மதியாக இருந்தது.

பெரியப்பா ஆப்பைத் திறந்து பார்த்தார். புதன் என்றிருந்தது. விரல் மடக்கி ஒன்று கூட்டினார். மேஸ்திரியைக் கூப்பிட்டு, வியாழனுக்கே வரச் சொன்னார்.

என் பக்கம் திரும்பி, "பாத்தியா, இப்பதான் ஒழுங்கா வேல செய்யுது. நீ கைய வைக்காம இரு," என்றார்.