ட்யூப் கட்டிய பட்டனும் இரண்டு கடிதங்களும்

என்னைக் குழுத் தலைவியாக்கியது என் அறிவு அல்ல, என் கையெழுத்து. இறுதியாண்டு புராஜெக்டுக்கு ஒப்புதல் கேட்டு எழுதும் கடிதம் கைப்பட எழுதியதாகத்தான் இருக்க வேண்டும் என்பது எங்கள் துறையின் பிடிவாதம். நால்வர் அணியில் மற்ற மூவரின் எழுத்தையும் அவர்களாலேயே மறுநாள் படிக்க முடியாது. ஆகவே தலைவி நான்.

கடிதத்தில் மூன்று விஷயங்கள் இருக்க வேண்டும்: தலைப்பு, பிரச்சினை எது என்பது, ஸ்கோப். ஸ்கோப் என்றால் எதுவரை செய்வோம், எதைச் செய்ய மாட்டோம் என்ற எல்லை. நால்வரும் கையெழுத்திட்டு, எங்களுக்கு வழிகாட்டியாகப் போட்டிருந்த மேடத்திடம் தர வேண்டும். வெள்ளிக்கிழமைக்குள் ஒப்புதல் கிடைக்காவிட்டால் துறையே பட்டியலில் இருந்து ஒரு தலைப்பைத் தலையில் கட்டிவிடும். இருட்டினால் தானாக எரியும் தெருவிளக்கு அந்தப் பட்டியலில் வருஷா வருஷம் இருக்கும். அதைச் செய்வதற்கு அரியர் வைத்துவிட்டுப் போகலாம் என்பது என் கருத்து.

என்னிடம் ஒரு தலைப்பு இருந்தது. எங்கள் வீடு சிறு பட்டறைகள் நிறைந்த மூக்கண்டப்பள்ளியில். அப்பாவை நாங்கள் அத்தா என்போம். திண்டுக்கல் பக்கமிருந்து வந்து, ஒரு சின்ன ஷெட்டில் தகட்டை அடித்து வடிவமாக்கும் பவர் பிரஸ் மெஷின் ஓட்டுகிறார். தகட்டை உள்ளே வைத்து, இரண்டு கையாலும் இரண்டு பட்டனை அழுத்தினால்தான் மெஷின் இறங்க வேண்டும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் விரல் உள்ளே மாட்டாது, அவ்வளவுதான் சூட்சுமம். ஆனால் ஒரு பட்டனை சைக்கிள் ட்யூப்பால் இறுக்கிக் கட்டிவிட்டால் ஒரு கையே போதும், இன்னொரு கை அடுத்த தகட்டை எடுக்கலாம். அத்தாவுக்கு டிபன் பாக்ஸ் கொடுக்கப் போனபோது, சாப்பாட்டு நேரத்தில் நின்றிருந்த ஒரு மெஷினில் அந்த ட்யூப்பை என் கண்ணாலேயே பார்த்தேன்; அதை ஓட்டுவது யார் என்று கேட்கத் தோன்றவில்லை. பக்கத்து மெஷின்காரருக்கு எட்டரை விரல்தான் என்பதையும் பார்த்தேன்.

இரண்டு பட்டனும் அரை நொடிக்குள் சேர்ந்து அழுந்தினால்தான் இறங்கும், இரண்டையும் விட்டால்தான் மறுபடி இயங்கும் என்று ஒரு சர்க்யூட் செய்தால் ட்யூப் கட்டிப் பயனில்லை. இதுதான் எங்கள் புராஜெக்ட்.

முந்தைய வருஷம் ஒரு அணி, பிரச்சினையை எங்கே பார்த்தீர்கள் என்று கேட்டபோது "ஒரு தொழிற்சாலையில் சார்" என்று சொல்லி, மொத்த வகுப்பின் முன்னாலும் வாங்கிக் கட்டிக்கொண்டது. நானா மாட்டுவேன்? ஷெட்டின் பேர், தெரு, எத்தனையாவது மெஷின், எந்தப் பக்கத்துப் பட்டனில் ட்யூப் என்று எல்லாவற்றையும் அழகான எழுத்தில் எழுதினேன். ஸ்கோப்பில், அதே மெஷினில் பொருத்திச் சோதிப்போம் என்றும் சேர்த்துவிட்டேன்.

புதன்கிழமை மேடம் படித்தார். "பிரச்சினைய இவ்ளோ தெளிவா யாரும் எழுதுனதில்லம்மா" என்று கையெழுத்துப் போட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "கம்பெனிக்கு அனுமதி கேட்டு துறையில இருந்து லெட்டர் போயிரும். இதோட காப்பியும் வெச்சு அனுப்பிருவாங்க" என்றார். சரிங்க மேடம் என்று குதித்துக்கொண்டு வந்தேன்.

சாயங்காலம் போனில் எடுத்திருந்த கடிதத்தின் படத்தை அத்தாவிடம் காட்டினேன். கடிதம் இங்கிலீஷில் இருந்ததால் வரி வரியாகத் தமிழில் சொன்னேன். பாராட்டுவார் என்று நினைத்தேன். அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"இது மொதலாளி கைக்குப் போகுமா?"

"ஆமாத்தா. அனுமதி வேணும்ல."

"அந்த மெஷின யாரு ஓட்டுறான்னு நெனச்ச?"

எத்தனையாவது மெஷின் என்று எழுதியிருந்த வரியைத் திரும்பப் பார்த்தேன்.

"ட்யூப்பக் கட்டுனது நாந்தாம்மா. ஒரு நாளைக்கு இத்தன பீஸ் வேணும்னு கேக்குறதும் அவுங்கதான், பேப்பர்ல வந்துட்டா கட்டுனவன வெளிய போடுறதும் அவுங்கதான்."

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், அதில் எனக்குப் பயிற்சி உண்டு. எனக்குப் பயமாக இருந்தது. இருபது வருஷம் வேலை பார்த்த மனிதனை என் அழகான கையெழுத்தால் நானே மாட்டிவிட்டேனே என்று வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் கிருஷ்ணகிரி பஸ்ஸில் போகும்போது பேசாமல் தெருவிளக்கையே வாங்கிக்கொள்ளலாமா என்றுகூட யோசித்தேன். கல்லூரி அலுவலகம் திறக்கும் முன்பே மேடத்தின் மேஜைக்கு முன் நின்றேன். கடிதம் இன்னும் அங்கேதான், துறைத்தலைவருக்குப் போகும் தட்டில் மேலாகவே இருந்தது.

"மேடம், அந்த லெட்டர திரும்பத் தர முடியுங்களா?"

"கையெழுத்துப் போட்ட லெட்டரயா? எதுக்கு? அதுல எழுதுனது பொய்யா?"

"பொய் இல்லீங் மேடம். அந்த மெஷின் ஓட்டுறது எங்க அத்தா."

அவர் கடிதத்தை ஒருமுறை படித்தார். ஷெட் பேர் இருந்த வரியில் விரல் நின்றது. பிறகு தாளை நாலாகக் கிழித்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்.

"தலைப்பு ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சு, அது அப்படியே இருக்கட்டும். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள வேற லெட்டர் வரணும். ஒரு நிமிஷம் லேட்டானாலும் தெருவிளக்குதான்."

அணியைக் கூட்டினேன். நாட்றாம்பாளையத்தில் இருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படித்த தோழிக்குத்தான் அதிகக் கடுப்பு. "நீ எழுதிக்கினே இருப்ப, நாங்க கையெழுத்துப் போட்டுக்கினே இருக்கணுமா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் பேனாவை அவளே முதலில் பிடுங்கினாள்.

இரண்டாவது கடிதத்தில் பிரச்சினையைச் சுருக்கினேன்: சிறு பட்டறைகளில் ஒரு பட்டனைக் கட்டிவிட்டு இயக்கும் வழக்கம் உள்ளது. ஸ்கோப்: ஆய்வகத்தில் மேஜைமீது வைக்கும் ஒரு மாதிரி வடிவம் மட்டும். இயங்கும் எந்த மெஷினிலும் பொருத்த மாட்டோம், எந்த நிறுவனத்தின் பேரையும் குறிப்பிட மாட்டோம். வெள்ளிக்கிழமை பதினொன்றரைக்குக் கொடுத்தேன். மேடம் படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். கடிதம் முன்னதைவிடப் பாதிதான், ஆனால் எழுத இரண்டு மடங்கு நேரம் பிடித்தது.

மாதிரி தயாரானதும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பிரஸ்ஸுக்குப் பதில் டக்கென்று இறங்கும் ஒரு சின்னக் கம்பி. அத்தா சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ரப்பர் பேண்டைச் சுற்றினார், இறங்கவில்லை. மரக்கட்டையை முட்டுக் கொடுத்தார், இறங்கவில்லை. பிறகு முழங்கையை ஒரு பட்டனிலும் அதே கையின் விரலை இன்னொன்றிலும் வைத்து ஒரே நேரத்தில் அழுத்தினார். டக்.

"அத்தா!"

"லேப்புல உக்காந்து செஞ்சா இப்படித்தாம்மா. பட்டனத் தள்ளி வையி, சுத்தி வளையம் போடு."

செய்தோம். அடுத்த ஞாயிறு அரை மணி நேரம் அதோடு மல்லுக்கட்டினார். கம்பி ஒருமுறைகூட ஏமாந்து இறங்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே எழுந்து போய்விட்டார்.

திங்கட்கிழமை வேலையில் இருந்து வந்தவர் டிபன் பாக்ஸை என்னிடம் நீட்டினார். கழுவத் திறந்தேன். உள்ளே எண்ணெய்க் கறையோடு ஒரு முழம் சைக்கிள் ட்யூப் சுருண்டு கிடந்தது.

"ரிப்போர்ட்டுக்குப் போட்டோ வேணும்னியே, எடுத்துக்க. பேரு மட்டும் போடாத" என்றார், செருப்பைக் கழற்றிக்கொண்டே. "எனக்கு இனிமே அது வேணாம்."