பன்னிரண்டு வளையம்

பம்பு பழுதுபார்க்கும் பட்டறையின் ஸ்டோரில் ஒன்பது வருடம் உதவியாளராக இருந்தவளை எல்லோரும் ‘ஸ்டோரக்கா’ என்றுதான் கூப்பிடுவார்கள். ஸ்டோர்கீப்பர் வேலைக்கு இரண்டு முறை நேர்காணலுக்குப் போய் வெறுங்கையோடு திரும்பியவள். இது மூன்றாவது. இந்த முறையும் கைநழுவிப் போனால், வெளியிலிருந்து ஆள் எடுத்துவிடுவார்கள்.

காலையிலேயே கணவன் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான். “அந்த வளையம் கதையைச் சொல்லு.”

“நான் தப்பு பண்ணதைப் போய் நானே சொல்லணுமா? நல்லா இருக்குங்க உங்க யோசனை!”

நேர்காணல் அறையில் கொள்முதல் அதிகாரி பேனாவைத் தட்டிக்கொண்டிருந்தார்.

“கணக்கு சரியா வெச்சிருப்பீங்களா?”

“ரொம்பச் சரியா வெப்பேன் சார்.”

“காலையிலிருந்து அஞ்சு பேர் இதையேதாம்மா சொன்னாங்க. ஒரு உதாரணம் சொல்லுங்க.”

“எல்லாத்தையும் உடனுக்குடன் எழுதிடுவேன் சார்.”

“அது உதாரணமா? அது பழக்கம். ஒண்ணே ஒண்ணு, நடந்தது!” அவர் கடிகாரத்தைப் பார்த்தார்.

அவளுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஒன்பது வருட வேலையை ஒரு சம்பவத்துக்குள் எப்படி அடைப்பது?

“சரி சார், கேட்டுக்கோங்க. என் தப்புதான். ரப்பர் வளையம், இருப்பு அட்டையில தொண்ணூத்தாறு. அலமாரியில எண்பத்திநாலு. பன்னிரண்டு குறைவு. எல்லாரும் மெக்கானிக்குகளைத்தான் சந்தேகப்பட்டாங்க.”

பேனா நின்றது. “நீங்க?”

“போன மாச எண்ணிக்கை சரியா இருந்துச்சு. அதனால அதுக்கப்புறம் நடந்ததை மட்டும் பார்த்தா போதும். கொடுத்ததுக்கெல்லாம் சீட்டு இருந்தது, எல்லாம் ஒத்துப்போச்சு. வந்தது ஒரே தடவை, ஆறு பாக்கெட். பாக்கெட்டுக்குப் பன்னிரண்டுன்னு பழைய ஞாபகத்துல எழுபத்திரண்டுன்னு எழுதிட்டேன். சரக்கோட வந்த சலானை எடுத்துப் பார்த்தா அறுபது. கம்பெனிக்காரன் பாக்கெட்டுக்குப் பத்துன்னு மாத்திட்டான்.”

“அழிச்சுட்டு எழுதினீங்களா?”

“அழிப்பாங்களா சார்!” அவள் எரிந்து விழுந்தாள். “தப்பான எண்ணு தெரியுற மாதிரி ஒரே கோடு போட்டு, பக்கத்துல சரியானதை எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். காரணத்தோட மேற்பார்வையாளர்கிட்டயும் கையெழுத்து வாங்கினேன். அன்னையிலிருந்து எந்தப் பாக்கெட்டா இருந்தாலும் பிரிச்சு எண்ணித்தான் வரவு வெப்பேன். அடுத்த ஆறு எண்ணிக்கையிலும் ஒரு வளையம்கூட வித்தியாசம் வரல.”

“இதை முதல்லயே சொல்றதுக்கு என்னம்மா?” என்று அலுத்துக்கொண்டே அவர் படிவத்தில் எழுதினார்.

அவள் எட்டிப் பார்த்தாள். “சார், தொண்ணூத்தாறுக்குப் பதிலா அறுபத்தொன்பதுன்னு எழுதியிருக்கீங்க.”

அவர் எழுத்தை அழிக்கும் வெள்ளை மையைத் தேடி மேஜையைத் துழாவினார். அவள் பார்த்த பார்வையில் கை நின்றது. ஒரு கோடு போட்டு, மேலே 96 என்று எழுதி, தேதியும் கையெழுத்தும் போட்டார்.

“திங்கட்கிழமை ஸ்டோர் சாவிக்கொத்தை வாங்கிக்கிறீங்களா?”

“எண்ணிப் பார்த்துத்தான் சார் வாங்குவேன்.”